சம்பளம் கூடினால் கைக்கு வருவது குறையுமா? 12 லட்சத்தின் விளிம்பில் ஒரு கணக்கு

பிப்ரவரி வந்தால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்து அரசுப் பள்ளிகளின் ஆசிரியர் அறைகளில் பாடக்குறிப்பை விட வருமான வரிப் படிவம்தான் அதிகம் புரட்டப்படும். அப்போது யாராவது ஒருவர் தவறாமல் சொல்வார்: "இன்கிரிமென்ட் போட்டதுல போன வருஷத்தை விடக் கம்மியாத்தான் கைக்கு வருது டீச்சர். பேசாம அது வராமலே இருந்திருக்கலாம்." பக்கத்தில் இருப்பவர்களும் தலையாட்டுவார்கள். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் வங்கிக் கிளைகளிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பேச்சு பெரும்பாலும் தவறு. ஆனால் சொல்கிறவர்கள் ஒன்றுமில்லாததைப் பார்த்துப் பயப்படவில்லை. நம் புதிய வரி முறையில் ஓர் இடத்தில், 12 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேலே, அவர்கள் சொல்வதைப் போலவே ஒன்று நடக்கிறது. அந்த இடத்தையும் அதன் அளவையும் தெரிந்துகொண்டால் மற்ற இடங்களில் பயப்பட வேண்டியதில்லை. பழைய முறை என்று தனியாகச் சொல்லும் இடங்களைத் தவிர, இங்கே வரும் எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படியானவை.

முதலில் அடுக்குகளைப் பார்ப்போம். வரிக்குரிய வருமானத்தில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, பிறகு 15, 20, 25 என்று நான்கு நான்கு லட்சமாக ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதத்தில் நிற்கிறது. வரும் வரியின் மேல் 4 சதவீதம் செஸ் உண்டு. சம்பளக்காரருக்கு இதற்கெல்லாம் முன்பே 75,000 ரூபாய் நிலையான கழிவு போய்விடும். அதாவது ஆண்டுச் சம்பளம் 16,75,000 என்றால் வரிக்குரிய வருமானம் 16 லட்சம்.

குழப்பம் தொடங்குவது 'அடுக்கு' என்பதைப் புரிந்துகொள்வதில். 16 லட்சத்தைத் தாண்டியவரை 'இருபது சதவீதக்காரர்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதைக் கேட்டவர், மொத்தச் சம்பளத்துக்கும் இருபது சதவீதம் போய்விடும் என்று மனக்கணக்குப் போடுகிறார். 16 லட்சத்தில் இருபது சதவீதம் 3,20,000 ரூபாய். நேற்று வரை பதினைந்து சதவீதம், இன்று ஒரே நாளில் இருபது என்றால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும்.

உண்மையில் வரி அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. ஒவ்வொரு விகிதமும் அந்த அடுக்கில் விழுந்த பணத்தை மட்டும்தான் தொடும். 16 லட்சத்துக்கு வரி இப்படி வரும்: முதல் 4 லட்சத்துக்குச் சுழியம், இரண்டாவதற்கு 20,000, மூன்றாவதற்கு 40,000, நான்காவதற்கு 60,000. மொத்தம் 1,20,000, செஸ் 4,800. இப்போது அவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வாங்கிய 16 லட்சத்தின் மேல் போட்ட வரியில் ஒரு ரூபாய்கூட மாறாது. புதிதாக வந்த 50,000-க்கு மட்டும் இருபது சதவீதம், அதாவது 10,000. செஸ்ஸோடு 10,400. மிச்சம் 39,600 அவருடைய கைக்கு வரும்.

கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் எவ்வளவு வரிக்குப் போகிறது என்பதைத்தான் இறுதிநிலை வரி விகிதம் என்கிறார்கள். மேலே சொன்னவருக்கு அது 20.8 பைசா. அவர் கட்டும் மொத்த வரியை மொத்தச் சம்பளத்தால் வகுத்தால் வருவது சராசரி விகிதம். அது எட்டு சதவீதம்கூட இல்லை. சம்பள உயர்வு லாபமா என்று பார்க்க வேண்டியது முதல் எண்ணை. அந்த எண் நூறு பைசாவைத் தொடாத வரை, உயர்வு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் கையில் ஏதோ கூடத்தான் செய்யும். மிக உயர்ந்த 30 சதவீத அடுக்கிலும் அது செஸ்ஸோடு 31.2 பைசாதான். 50 லட்சத்தைத் தாண்டியவர்களுக்குக் கூடுதல் சர்சார்ஜ் உண்டு, அதன் விளிம்பிலும் ஒரு நிவாரணம் உண்டு. மலையில் அந்தச் சம்பளம் வாங்குகிறவர்கள் தங்களுக்கென்று ஆடிட்டர் வைத்திருப்பார்கள், அவர்களை விட்டுவிடுவோம்.

12 லட்சத்தில் என்ன இருக்கிறது

அடுக்குகள் மட்டும் இருந்தால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். சிக்கல் 87ஏ பிரிவில் இருக்கிறது. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், அடுக்குப்படி வரும் 60,000 ரூபாய் வரி முழுவதையும் அந்தப் பிரிவு தள்ளுபடி செய்துவிடுகிறது. "12 லட்சம் வரை வரி இல்லை" என்று நாம் கேள்விப்பட்டது இதைத்தான். ஆனால் இது ஓர் அடுக்கு இல்லை, ஒரு நிபந்தனை. 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடிக்கான தகுதியே போய்விடும். 12,00,010 ரூபாய் வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு, பத்து ரூபாய் கூடியதற்காக 60,000 ரூபாய் வரி என்று ஆகிவிடும். ஆசிரியர் அறையின் பயம் இங்கேதான் நியாயம் பெறுகிறது.

இந்த அநியாயம் சட்டம் எழுதியவர்களுக்கும் தெரிந்ததுதான். 2023 பிப்ரவரி பட்ஜெட்டில் புதிய முறைக்கான வரம்பு 7 லட்சமாக உயர்த்தப்பட்டபோது விளிம்பில் எந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. 7,00,100 ரூபாய் வருமானம் உள்ளவர் 100 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு 25,010 ரூபாய் வரி கட்ட வேண்டியிருக்கும் என்று நிதி அமைச்சகமே உதாரணம் காட்டி, அந்த ஆண்டு மார்ச்சில் மசோதா நிறைவேறும்போது ஒரு திருத்தம் சேர்த்தது. அதுதான் மார்ஜினல் ரிலீஃப். வரம்பு 12 லட்சமான பிறகும் அது தொடர்கிறது.

ரிலீஃப் சொல்வது சுலபமானது: வரம்பைத் தாண்டி எவ்வளவு சம்பாதித்தாயோ, உன் வரி அதற்கு மேல் போகாது. வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால் அடுக்குப்படி வரி 61,500. ஆனால் தாண்டியது 10,000 மட்டுமே. ஆகவே வரியும் 10,000 தான். மிச்சம் 51,500 குறைக்கப்படுகிறது. வருமானம் சுமார் 12,70,600 வரை போகும்போது அடுக்கு வரியும் தாண்டிய தொகையும் சமமாகிவிடும். அதற்கு மேல் ரிலீஃபுக்கு வேலை இல்லை, வழக்கமான பதினைந்து சதவீத அடுக்கு தொடரும்.

இதை இறுதிநிலை விகிதத்தின் கண்ணோடு பாருங்கள். 12 லட்சத்திலிருந்து 12,70,600 வரை கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் முழுவதுமாக வரிக்கே போகிறது. விகிதம் நூறு சதவீதம். அரசு ஒரு செங்குத்துப் பள்ளத்தை மூடி, அந்த இடத்தில் 70,000 ரூபாய் நீளத்துக்குச் சமதளம் போட்டிருக்கிறது. அந்தத் தளத்தில் எவ்வளவு நடந்தாலும் உயரம் கூடாது.

சரண்டர் எடுத்த டீச்சர்

கோத்தகிரி பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மலைப்படி, குளிர்காலப்படி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 12,70,000 ரூபாய். நிலையான கழிவு போக வரிக்குரிய வருமானம் 11,95,000. வரி இல்லை. வரம்புக்கு 5,000 ரூபாய் கீழே நிற்கிறார்.

தமிழ்நாட்டில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஈட்டிய விடுப்பு சரண்டர் 2025 அக்டோபரிலிருந்து மீண்டும் வந்தது. பதினைந்து நாள் விடுப்பை ஒப்படைத்தால் அரை மாதச் சம்பளம், இவருக்கு 53,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பணியில் இருக்கும்போது வாங்கும் சரண்டர் பணம் முழுக்க வரிக்குரியது. எடுத்துவிட்டார். இப்போது வரிக்குரிய வருமானம் 12,48,000.

அடுக்குப்படி வரி 67,200 வரும். தாண்டியது 48,000 தான் என்பதால் ரிலீஃப் அதை 48,000-க்கு இறக்கிவிடும். செஸ் 1,920 சேர்த்தால் 49,920. அதாவது 53,000 வாங்கி 49,920 கட்டுகிறார். பதினைந்து நாள் விடுப்புக்கு அவர் கையில் நின்றது 3,080 ரூபாய்.

வருமானம் குறைந்ததா? இல்லை, 3,080 ரூபாய் கூடித்தான் இருக்கிறது. விடுப்பை விற்றது லாபமா? இல்லவே இல்லை. இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த விடுப்பு கணக்கிலேயே இருந்திருந்தால் 240 நாள் வரம்புக்குள் சேர்ந்து, ஓய்வு பெறும்போது பணமாகியிருக்கும். ஓய்வின்போது அரசு ஊழியர் வாங்கும் விடுப்புப் பணத்துக்கு வரியே கிடையாது.

அல்லது ஓர் ஆண்டு தள்ளிப்போட்டிருக்கலாம், விதி இடம் கொடுத்தால். வரி விதிகள் இப்படியே இருந்து, அடுத்த ஆண்டு இன்கிரிமென்ட்டும் அகவிலைப்படியும் ஏறி அவருடைய சம்பளம் 13,40,000 ஆகிறது என்று பாருங்கள். வரிக்குரிய வருமானம் 12,65,000. ரிலீஃபுக்குப் பிறகு செஸ்ஸோடு வரி 67,600. இந்த முறை சரண்டர் 56,000 எடுக்கிறார். வருமானம் 13,21,000 ஆகி, வரி 81,276 ஆகிறது. கூடிய வரி 13,676. கையில் நிற்பது 42,324. அதே பதினைந்து நாள்தான். முதல் ஆண்டில் மூவாயிரம், அடுத்த ஆண்டில் நாற்பத்திரண்டாயிரம். பணம் சமதளத்துக்குள்ளேயே விழுந்ததா, அதைத் தாண்டி விழுந்ததா என்பதுதான் வித்தியாசம்.

தனியார் நிறுவனங்களில் இதே கணக்கு வேறு பெயரில் வரும்: ஆண்டு இறுதி போனஸ், ஊக்கத்தொகை, கூடுதல் நேரப் பணம். தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் மார்ச் மாதத்தில் தரும் ஒரு தொகையை ஏப்ரலில் தர முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. புதிய முறையிலும் மிஞ்சியிருக்கும் ஒரு கழிவு, நிறுவனம் ஊழியரின் என்.பி.எஸ். கணக்கில் போடும் பங்கு. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 14 சதவீதம் வரை அது வரிக்குரிய வருமானத்திலிருந்து கழியும். உயர்வின் ஒரு பகுதியை அந்த வழியாக வாங்கிக்கொண்டால் சமதளத்திலிருந்து கீழே வந்துவிடலாம். பணம் உடனே கைக்கு வராது, ஓய்வுக்காலத்துக்குப் போகும். அது வேண்டுமா என்பது அவரவர் வீட்டு நிலவரம்.

செஸ் விடும் ஓட்டை

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல விளக்கங்களில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரிலீஃப் வருமான வரியைத்தான் கட்டுப்படுத்துகிறது. செஸ், ரிலீஃபுக்குப் பிறகு மிஞ்சும் வரியின் மேல் தனியாகப் போடப்படுகிறது. ஆகவே சமதளம் என்று நான் சொன்ன இடம் உண்மையில் மிக லேசாகக் கீழே சரிந்திருக்கிறது. கூடிய ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வரி, அதன் மேல் நான்கு பைசா செஸ். இறுதிநிலை விகிதம் 104 சதவீதம்.

சரியாக 12 லட்சத்தில் இருந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் உயர்வு வருகிறது என்றால், வரி 36,000, செஸ் 1,440. உயர்வு வராத நிலையோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டில் அவர் 1,440 ரூபாய் பின்தங்குகிறார். "சம்பளம் கூடினால் கையில் ஒருபோதும் குறையாது" என்ற விதிக்கு, புதிய முறையில் 50 லட்சத்துக்குக் கீழே வருமான வரி தரும் விதிவிலக்கு இதுதான். இந்தச் சரிவு அதிகபட்சம் 2,824 ரூபாய் ஆழம் போகும், அதுவும் 12,70,600-ஐ ஒட்டி. அதன் பிறகு பதினைந்து சதவீத அடுக்கு தொடங்குவதால் மேடு ஏறிவிடும். வரிக்குரிய வருமானம் சுமார் 12,74,000-ஐத் தொடும்போது பழைய உயரத்துக்கு வந்துவிடுவார். சம்பளமாகச் சொன்னால், 12,75,000-க்கும் 13,49,000-க்கும் இடைப்பட்டவர்கள் மட்டும்தான் இதற்குள் வருகிறார்கள்.

ஆக, இன்கிரிமென்ட் வேண்டாம் என்று சொல்வதற்கு இது காரணமாகாது. சரண்டரும் போனஸும் ஒரு முறை வந்துபோகிற பணம். அவற்றின் நேரத்தை யோசிக்கலாம். இன்கிரிமென்ட் அப்படி இல்லை. அடுத்த இன்கிரிமென்ட், அகவிலைப்படி, பணிக்கொடை எல்லாம் அந்த அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான் ஏறுகின்றன. ஓர் ஆண்டில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கசிவதற்காக அதை விடுவது, என் பார்வையில், கணக்குத் தெரியாத வேலை.

சமதளத்துக்குள் தெரியாமலே நுழைகிறவர்களும் உண்டு. நம் ஆசிரியை சரண்டரே எடுக்கவில்லை, ஆனால் வங்கி வைப்பில் 12,000 ரூபாய் வட்டி வந்திருக்கிறது என்று வையுங்கள். பள்ளியில் கொடுத்த படிவத்தில் அதைக் காட்டவில்லை. சம்பளப் பட்டியல்படி வரி சுழியம். ஜூலையில் ரிட்டர்ன் போட உட்காரும்போது வருமான வரித்துறையின் ஆண்டு தகவல் அறிக்கையில் அந்த வட்டி நிற்கும். வருமானம் 12,07,000 ஆகி, 7,280 ரூபாய் கட்டச் சொல்லும். சேமிப்புக் கணக்கு வட்டிக்குப் பழைய முறையில் இருந்த கழிவும் புதிய முறையில் இல்லை. வரம்பை ஒட்டி நிற்பவர்கள் ஜனவரியிலேயே வட்டியைச் சேர்த்து ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

பிப்ரவரிச் சம்பளம் ஏன் பாதியாகிறது

அப்படியானால் சமதளத்திற்குப் பக்கத்திலேயே இல்லாதவர்களும் ஏன் "குறைஞ்சு போச்சு" என்கிறார்கள்? அவர்கள் பார்ப்பது ஆண்டுக் கணக்கை இல்லை, மாதக் கணக்கை.

சம்பளத்தில் வரி பிடிப்பவர் ஆண்டு முழுவதற்கும் வரக்கூடிய வரியை உத்தேசித்து, அதை மாதங்களுக்குப் பிரித்துப் பிடிக்க வேண்டும். உத்தேசம் நடுவில் மாறினால், இதுவரை பிடிக்காமல் விட்டது முழுவதும் மிச்சமிருக்கும் மாதங்களின் தலையில் விழும். அரசு ஊழியர்களுக்கு மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரலில் கைக்கு வருவதால், வரிக்கணக்கு மார்ச் முதல் பிப்ரவரி வரை என்று ஓடும்; பிப்ரவரிப் பட்டியல்தான் கடைசி வாய்ப்பு. நம் ஆசிரியை ஜனவரியில் சரண்டர் எடுத்திருந்தால், அதுவரை ஒரு ரூபாய்கூடப் பிடிக்காத நிலையில், 49,920 முழுவதும் பிப்ரவரிச் சம்பளத்தில் பிடிபடலாம். மாதம் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வாங்குகிறவருக்கு அந்த மாதம் பாதிதான் வரும். சரண்டர் பணம் போன மாதமே வந்து, ஏதோ ஒரு கடனை அடைத்து, மறந்தும் போயிருக்கும். பிப்ரவரிச் சீட்டு மட்டும் கண்ணில் நிற்கும்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு தேதிகளில் இன்கிரிமென்ட் விழும் முறையும் இதற்குத் துணை போகிறது. ஏப்ரலில் விழுந்தால் வரி ஆண்டு முழுக்கப் பரவும். ஜனவரியில் விழுந்து, கூடவே அகவிலைப்படி நிலுவையும் வந்தால், கூடுதல் வரி இரண்டு மாதத்தில் அடைக்கப்படும். தொகை சிறியதுதான், பிடித்தம் பெரிதாகத் தெரியும்.

மாதச் சீட்டில் குறைகிற மற்ற இனங்களை வரியோடு போட்டுக் குழப்பக் கூடாது. சி.பி.எஸ். அல்லது பி.எஃப். பிடித்தம் சம்பளத்தோடு சேர்ந்து ஏறும். அது உங்கள் பெயரில் சேரும் பணம். தொழில் வரி மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அரையாண்டு வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் முழுத் தொகையும் அடுத்த படிக்குத் தாவும், அடுக்கு முறை அதற்குக் கிடையாது. கண்டிப்பாகப் பேசினால் அங்கே ஒரு ரூபாய் கூடியதற்குச் சில நூறு ரூபாய் போகும். ஆனால் அரசியலமைப்பே அதற்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டுவிட்டது. இந்தக் கட்டுரையில் பேசும் சம்பளக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே மேல் படியில்தான் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இனி அது கூட வழியில்லை.

வரிதான் காரணமா என்று கண்டுபிடிக்க ஒரு நேர்வழி இருக்கிறது. வருமான வரித்துறை இணையதளத்தில் உள்ள வரிக் கணிப்பானில், உயர்வு இல்லாத ஆண்டு வருமானத்தை ஒரு முறையும், உயர்வோடு சேர்த்து ஒரு முறையும் போடுங்கள். இரண்டு வரிகளின் வித்தியாசத்தை உயர்வுத் தொகையோடு ஒப்பிடுங்கள். ஐந்து நிமிட வேலை. வித்தியாசம் உயர்வில் ஆறில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோ என்றால் சாதாரண அடுக்கில் இருக்கிறீர்கள். உயர்வு முழுவதையும் தொட்டால் சமதளத்தில் நிற்கிறீர்கள்.

பழைய முறையும் பழைய நிலுவையும்

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே வரம்பு 5 லட்சம், மார்ஜினல் ரிலீஃப் கிடையாது. கழிவுகள் எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 5 லட்சமாக இருந்தால் வரி சுழியம். 5,01,000 ஆனால் 13,208 ரூபாய். ஆயிரம் ரூபாய் உயர்வுக்கு இது நிஜமான பள்ளம். இன்கிரிமென்ட் பற்றிய பழங்கதைகளில் பாதி இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்கள் சொன்னதாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இப்போது அதில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், அலுவலகத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போடும்போது இன்னொன்றுக்கு மாறவும் செய்யலாம். 12,75,000 வரை சம்பளம் உள்ளவருக்குப் புதிய முறையில் வரியே இல்லாதபோது, மற்ற வருமானம் இல்லையென்றால், பழைய முறையின் பள்ளத்துப் பக்கம் போக வேண்டியதில்லை.

மலைக்காரர்கள் சிலர் பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மலைப்படி விலக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள இடங்களுக்கு அந்த விலக்கு மாதம் 300 ரூபாய். 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் உதகைக்கும் அதே 300 தான். ஆண்டுக்கு 3,600. அதற்காக மட்டும் ஒரு வரி முறையில் இருப்பது நியாயமாகத் தெரியவில்லை. வீட்டுக்கடன், வாடகை, காப்பீடு என்று பெரிய கழிவுகள் இருந்தால் கணக்கு வேறு.

கடைசியாக நிலுவை. வழக்கு முடிந்தோ, பதவி உயர்வு பின்தேதியிட்டோ, சில ஆண்டுகளின் சம்பள வித்தியாசம் ஒரே ஆண்டில் மொத்தமாக வரும். அப்போது பணம் இந்த ஆண்டின் மேல் அடுக்கில் விழுந்து, அல்லது 12 லட்சத்தைத் தாண்டி, உரிய ஆண்டுகளில் வந்திருந்தால் வராத வரியை வரவழைத்துவிடும். இதற்குச் சட்டத்தில் 89-வது பிரிவு இருக்கிறது. எந்த ஆண்டுக்குரிய பணமோ அந்த ஆண்டில் சேர்த்துக் கணக்கிட்டு, இந்த ஆண்டு கூடுதலாக வந்த வரியை அது குறைத்துத் தரும். அதற்குப் படிவம் 10E-யை இணையதளத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே. ரிட்டர்னில் நிவாரணத்தைக் காட்டிவிட்டு இந்தப் படிவத்தைப் போட மறந்தவர்களுக்குத்தான் சில மாதம் கழித்து, நிவாரணத்தை மறுத்து, வரியும் வட்டியும் கேட்டு நோட்டீஸ் வருகிறது.